அம்மப்பாவின் பெட்டியில் மூன்று சாமான்: சீவுளி, உளி, மடிப்பு அடிமட்டம். வயது கண்டுபிடிக்க உதவி தேவை

ரமணன் (வெள்ளவத்தை)

எல்லோருக்கும் வணக்கம். எங்கள் அம்மப்பா கொட்டாஞ்சேனையில் நாற்பது வருடத்துக்கு மேல் தச்சுவேலை செய்தவர். அவருடைய மரப்பெட்டி இத்தனை காலமும் அம்மாவின் கட்டிலுக்குக் கீழே இருந்தது. போன மாதம் வீட்டுக்கு வெள்ளையடிக்கும்போது வெளியே எடுத்தோம். பெரும்பாலான சாமான் கறள் பிடித்துப் போய்விட்டது. மூன்றுதான் நல்ல நிலையில் இருக்கின்றன.

ஒன்று, இரும்புச் சீவுளி. நீளம் பதினான்கு அங்குலம், முன்னால் உடம்பில் 05 என்று வார்ப்பிலேயே இருக்கிறது. அலகை அழுத்திப் பிடிக்கும் மூடியில் 'ரெக்கோட்' என்ற பெயர். அலகின் மேல்நுனியில் 'டங்ஸ்டன் ஸ்டீல்', அதற்குக் கீழே 'மேட் இன் இங்லண்ட்'.

இரண்டாவது, ஒரு அங்குல உளி. அலகில் 'காஸ்ட் ஸ்டீல்' என்று வடிவாக வாசிக்கலாம். அதற்கு மேலே ஒரு பெயர், 'சோர்பி' என்று முடிகிறது. முன்னால் இருந்த எழுத்தைக் கறள் தின்றுவிட்டது. மரப்பிடியில் சீ.ஜீ.ஆர். என்று சுட்ட குறி.

மூன்றாவது, நாலாக மடிக்கும் இரண்டடி மர அடிமட்டம். 'ரபோன் செஸ்டமன்' என்று இருக்கிறது.

வீட்டில் சொல்லும் கதை இதுதான்: 1928 இல் துறைமுகத்தில் வேலை பார்த்த ஒரு வெள்ளைக்காரத் துரை, ஊர் திரும்பும்போது இந்தப் பெட்டியை அப்படியே பூட்டனுக்குக் கொடுத்துவிட்டுப் போனார். அம்மாவின் எழுபதாவது பிறந்தநாளுக்குப் பெட்டியைத் துப்புரவாக்கி, உள்ளே ஒரு சிறிய குறிப்பு வைத்துக் கொடுக்க நினைக்கிறேன். பிழையான வருடம் எழுத விருப்பமில்லை. இந்தக் கதை சரியா?

தாசன் (தெமட்டகொடை)

தம்பி, சீவுளியின் வயதைக் கண்டுபிடிப்பது லேசு. அலகைக் கழற்றுங்கள். அது சாய்ந்து உட்காரும் துண்டைத் தவளை என்போம். அதற்குப் பின்னால் உடம்பில் காப்புரிமைத் திகதிகள் வார்ப்பில் இருக்கும். மூன்று திகதி இருந்தால் 1910களைச் சேர்ந்தது. ஒன்று மட்டும் என்றால் 1920களின் பின்பாதி. என்னிடம் இருக்கிற சீவுளியில் மூன்று திகதி இருக்கிறது, கடைசித் திகதி 1910 ஏப்ரல் 19. முன் குமிழ் உயரமா குட்டையா என்றும் பாருங்கள். குட்டைக் குமிழ் பழையது.

அடுத்தது, 'இங்லண்ட்' என்று நாட்டின் பெயர் இருந்தால் 1891க்குப் பிந்தியது, இல்லாவிட்டால் அதற்கு முந்தியது. அமெரிக்காவில் அப்போது சட்டம் வந்தது. உங்கள் உளியில் இங்லண்ட் என்று இல்லாதபடியால் அது 1891க்கு முந்தியதாக இருக்க வேண்டும். துரை கொடுத்த கதை உண்மையாக இருக்கலாம்.

கஜன்_87

நல்ல பதிவு அண்ணா. என்னிடமும் ஒரு 05 இருக்கு, பலகை சீவும்போது மரத்தைக் கிழிக்குது. அலகை எத்தனை பாகையில் தீட்ட வேணும்? அப்புறம் உங்கட சீவுளி விற்கிறதா? என்ன விலை?

ரமணன் (வெள்ளவத்தை)

விற்கவில்லை தம்பி. வயது மட்டும்தான் கேட்கிறேன்.

தாசன் அண்ணா, தவளைக்குப் பின்னால் பார்த்தேன். நீல நிறப் பெயின்ட், பழைய மரத்தூள். திகதி ஒன்றுமே இல்லை. அப்படியென்றால் இன்னும் பழையதா?

பட்டறைக்காரன்

இல்லை தம்பி, அப்படி எடுக்கக் கூடாது. தாசன் சொன்னது முழுவதும் உண்மை, ஆனால் அது அமெரிக்க ஸ்டான்லி சீவுளிக்கு உரியது. உங்களுடையது ரெக்கோட். அது ஷெஃபீல்டில் செய்தது. ஸ்டான்லியின் காப்புரிமைக் காலம் முடிந்த பிறகு அதே வடிவத்தை எடுத்துச் செய்தார்கள். இலக்கத்தைக்கூட அப்படியே எடுத்து முன்னால் ஒரு பூச்சியம் போட்டார்கள். ஸ்டான்லியின் 5 இவர்களிடம் 05. வேறொருவருடைய காப்புரிமைத் திகதியை அவர்கள் தங்கள் வார்ப்பில் போட மாட்டார்கள். ஆகவே அங்கே திகதி இல்லாதது வயதைப் பற்றி எதுவும் சொல்லாது.

'இங்லண்ட்' விசயமும் இதே மாதிரிதான். அந்தச் சட்டம் அமெரிக்காவுக்குள் போகும் சாமானுக்கு. இலங்கைக்கு வந்த சாமானில் நாட்டின் பெயர் இருக்க வேண்டிய கட்டாயம் அதனால் வரவில்லை. ஆகவே பெயர் இருந்தால் 1891க்குப் பிந்தியதாக இருக்க நல்ல வாய்ப்பு உண்டு. இல்லாவிட்டால் முந்தியது என்று சொல்லவே முடியாது. தாசன் ஒரு பக்கம் மட்டும் திறக்கிற கதவை இரண்டு பக்கமும் தள்ளுகிறார்.

இனி உங்கள் கதைக்கு வருகிறேன். மன்னிக்க வேண்டும், சீவுளி 1928 இல் கைக்கு வந்திருக்க முடியாது. ரெக்கோட் சீவுளிகள் சந்தைக்கு வந்ததே 1931 இல்தான். அடிமட்டம் இன்னும் பிந்தியது. ரபோன் பர்மிங்ஹம் நிறுவனம், செஸ்டமன் ஷெஃபீல்ட் நிறுவனம். இரண்டும் சேர்ந்தது 1963 இல். இரண்டு பெயரும் ஒன்றாக இருக்கிற அடிமட்டம் அதற்கு முன் இருக்க வழியில்லை.

உளி மட்டும்தான் அந்தக் கதைக்குள் அடங்கலாம். அதைப் பற்றிப் பிறகு எழுதுகிறேன். முதலில் சீவுளியின் பின்பிடியைக் கிட்டத்தில் படம் எடுத்துப் போடுங்கள். கைப்பெருவிரலுக்கும் ஆட்காட்டி விரலுக்கும் நடுவிலுள்ள தோல் எங்கே உரசுமோ அந்த இடம். துடைக்க வேண்டாம், அப்படியே எடுங்கள்.

நிரோஜா

ரமணன் அண்ணா, எதையும் துப்புரவாக்க முன் ஒரு நிமிடம். அப்பாவின் உளிகள் ஆறை மெருகேற்றுவதற்காக ஒரு கடையில் கொடுத்தேன். கண்ணாடி மாதிரி மின்னத் திருப்பித் தந்தார்கள். ஆனால் ஆறிலும் முத்திரை போய்விட்டது. துணிச் சக்கரத்தில் பிடித்து அழுத்தியிருக்கிறார்கள். முத்திரை என்பது ஒரு மில்லிமீற்றருக்கும் குறைந்த ஆழம். கறள் ஏற்கெனவே பாதியைத் தின்றிருக்கும், மிச்சத்தைச் சக்கரம் எடுத்துவிடும். இப்போது அப்பா எதை முதலில் வாங்கினார் என்று எனக்குச் சொல்லத் தெரியாது. இன்றும் அதை நினைத்தால் மனம் சரியில்லை.

முதலில் படம் எடுங்கள். அறையை இருட்டாக்கி, டோர்ச்சை இரும்புக்குச் சமாந்தரமாக, பக்கத்திலிருந்து அடிக்க வேண்டும். நேராக அடித்தால் ஒன்றும் தெரியாது. சாய்வாக அடிக்கும்போது எழுத்தின் ஒரு கரையில் நிழல் விழும். ஒளியை ஒவ்வொரு பக்கமாக மாற்றி நாலு படம் எடுங்கள். அப்புறம் ஒரு சொட்டு எண்ணெய் தேய்த்துத் துடைத்துவிட்டுக் குழந்தைப் பவுடர் தூவித் தடவிப் பாருங்கள். பள்ளத்தில் மட்டும் வெள்ளை நிற்கும். கம்பித் தூரிகை வேண்டவே வேண்டாம்.

ரமணன் (வெள்ளவத்தை)

நன்றி தங்கச்சி. நல்ல வேளை, நாளைக்கே ஒரு கடைக்குக் கொண்டுபோக இருந்தேன்.

பட்டறைக்காரன் ஐயா, பிடியைப் பார்த்தேன். பிடி முழுவதும் கரும் சிவப்பு. ஆனால் நீங்கள் சொன்ன இடத்தில், மேலே கொம்பு மாதிரி வளைகிற மூலைக்குக் கீழே, ஒரு ரூபாய்க் குத்தி அளவுக்கு வெளிறிப் போய்ப் பழுப்பாக இருக்கிறது. அந்த இடத்தில் மரத்தில் சின்னச் சின்னக் கோடுகளாகப் புள்ளிகள் தெரிகின்றன. தொட்டால் வழவழப்பு. முன் குமிழின் உச்சியிலும் அதே வெளிறல்.

பட்டறைக்காரன்

அதுதான் எனக்குத் தேவைப்பட்டது.

ஆரம்பகால ரெக்கோட் பிடிகள் ரோஸ்வுட் மரம். அது உள்ளும் புறமும் ஒரே நிறம். எத்தனை வருடம் கைபட்டாலும் இன்னும் கறுக்குமே தவிர வெளிறாது. உங்களுடையதில் கைபட்ட இடம் வெளிறியிருக்கிறது என்றால் மேலே உள்ள சிவப்பு பூசிய சாயம். உள்ளே இருப்பது பீச் மரம். நீங்கள் பார்த்த சின்னப் புள்ளிக் கோடுகள் பீச் மரத்துக்கே உரிய அடையாளம். ரோஸ்வுட் கிடைக்காத போர்க்காலத்திலும் அதற்குப் பிறகும் பிடிகள் சாயம் பூசிய பீச்சுக்கு மாறின. அதனால் பிடியின்படி 1940களுக்கு முன் போக எனக்கு மனமில்லை.

அலகுக்கு வருவோம். 'டங்ஸ்டன் ஸ்டீல்' என்ற முத்திரை ரெக்கோட்டின் முந்திய காலத்து அலகுகளில் வருவது. பிந்தியவற்றில் அந்த இடத்தில் 'டங்ஸ்டன் வனேடியம்' என்று இருக்கும். ஆக அலகு பழைய பக்கத்துக்கு இழுக்கிறது, பிடி கொஞ்சம் இந்தப் பக்கம் இழுக்கிறது. இரண்டும் சந்திக்கிற இடம் 1940களும் 50களின் முன்பாதியும். அதுதான் என் மதிப்பீடு.

ஆனால் ஒரு எச்சரிக்கை. அலகு தேய்கிற சாமான். தேய்ந்து முடிந்தால் கடையில் புதிதாக வாங்கிப் போடுவார்கள். பிடி உடைந்தாலும் மாற்றுவார்கள். ஆகவே இந்த உடம்பும் அலகும் பிடியும் ஒன்றாகவே வந்தவையா என்று பார்க்க வேண்டும். பிடியைக் கழற்றுங்கள். அதற்குக் கீழே உடம்பில் பெயின்ட் எப்படி இருக்கிறது? பிடியின் அடி அச்சு அப்படியே பொருந்துகிறதா? அலகின் முதுகில் பூட்டியிருக்கும் இரட்டைத் தகட்டையும் கழற்றி, அலகின் நீளத் துளைக்கு அருகே அதன் திருகாணி உரசிய கோடு எவ்வளவு தூரம் ஓடுகிறது என்று சொல்லுங்கள்.

தாசன் (தெமட்டகொடை)

ஐயா சொன்னதை ஏற்றுக்கொள்கிறேன். நான் என்னிடம் இருந்த ஸ்டான்லியை வைத்தே எல்லாவற்றையும் பார்த்துவிட்டேன். ஒரு சந்தேகம். ஸ்டான்லியிலும் 'மேட் இன் இங்லண்ட்' என்று பார்த்திருக்கிறேனே? அதற்குத் திகதிக் கணக்கு பொருந்துமா?

பட்டறைக்காரன்

பொருந்தாது. ஸ்டான்லி 1930களின் பிற்பகுதியில் ஷெஃபீல்டில் ஒரு கருவித் தொழிற்சாலையை வாங்கி அங்கே செய்யத் தொடங்கியது. அந்த ஆங்கில ஸ்டான்லிக்கு வேறு கணக்கு. கொழும்பில் கிடைக்கிற ஸ்டான்லிகளில் நான் பார்த்தவற்றில் பெரும்பாலானவை அந்த வகைதான். அமெரிக்க அட்டவணையை வைத்து அதற்கு வருடம் சொன்னால் பத்து இருபது வருடம் பிழைக்கும். உங்களுடையதில் 1910 திகதி இருப்பதால் அது அசல் அமெரிக்கச் சாமான்தான். வடிவாக வைத்திருங்கள்.

ஃபாரிஸ் (பஞ்சிகாவத்தை)

நான் பழைய இரும்புக் கடை வைத்திருப்பவன். ஐயா சொல்வது சரி. கழற்றிப் பார்க்காமல் நானும் எதுவும் வாங்குவதில்லை. எங்களிடம் வருகிற சீவுளிகளில் பலது கலப்பு. ஒரு உடைந்த சீவுளியின் அலகு, இன்னொன்றின் மூடி, பிடி மொறட்டுவையில் யாரோ ஒரு பாஸ் கடைந்தது. யாரையும் ஏமாற்றச் செய்ததல்ல. வேலை செய்கிற மனிதனுக்குச் சீவுளி சீவ வேண்டும், அவ்வளவுதான்.

உளிப்பிடியில் சீ.ஜீ.ஆர். என்று இருப்பது சிலோன் கவர்ன்மென்ட் ரெயில்வே. ரெயில்வேயில் கழித்த சாமான் கட்டுக்கட்டாக வெளியே வந்து எங்கள் கடைகளுக்கும் வந்திருக்கிறது. சிலோன் என்று இருப்பதால் 1972க்கு முந்தியது என்று எடுக்கலாம். அந்த மே மாதம்தானே நாட்டின் பெயர் ஸ்ரீலங்கா என்று மாறியது.

நிரோஜா

ஃபாரிஸ் நானா, அந்தக் குறி மரப்பிடியில்தானே இருக்கிறது? அப்போது அது பிடியின் வயதைத்தான் சொல்லும், அலகின் வயதை அல்ல. நாட்டின் பெயர் மாறிய அடுத்த நாளே பட்டறையில் குறி சுடும் இரும்பைத் தூக்கி எறிந்திருப்பார்களா? பழைய அச்சு கையில் இருக்கும்வரை அதையே சுட்டிருப்பார்கள்.

ஃபாரிஸ் (பஞ்சிகாவத்தை)

அது உண்மை தங்கச்சி. 72 என்பதைக் கண்டிப்பான எல்லையாக வைக்க முடியாது. அந்தப் பக்கத்தில்தான் இருக்கும் என்று மட்டும் சொல்லலாம்.

ரமணன் (வெள்ளவத்தை)

நேற்றிரவு முழுவதும் கழற்றினேன். அம்மாவும் பக்கத்தில் இருந்து பார்த்தா.

பிடிக்குக் கீழே நீலப் பெயின்ட் புதிது மாதிரி இருக்கிறது. வெளியே மங்கலாகிப் போன அதே நீலம், உள்ளே பளிச்சென்று. பிடியின் அடி உருவம் அதில் துல்லியமாகப் பதிந்திருக்கிறது. வேறு எந்த அச்சும் இல்லை. பித்தளைத் திருகாணியின் தலைவெட்டும் சிதையவில்லை.

இரட்டைத் தகட்டின் திருகாணி உரசிய கோடு, துளையின் இரண்டு கரையிலும் கிட்டத்தட்ட ஒரு அங்குலத்துக்குப் படிப்படியாக ஓடுகிறது. ஒரே இடத்தில் இல்லை.

உளியில் டோர்ச் அடித்துப் பார்த்தேன். சோர்பிக்கு முன்னால் ஒரு நேர்க்கோடு மாதிரி தெரிகிறது. அது எழுத்தா கறள் பள்ளமா என்று சொல்ல முடியவில்லை. பெயருக்குப் பக்கத்தில் ஒரு சின்ன உருவம் இருந்த தடம் உண்டு. விலங்கா மனிதனா தெரியாது.

பட்டறைக்காரன்

மிக நன்றாகப் பார்த்திருக்கிறீர்கள். சீவுளி விசயம் எனக்குத் திருப்தி. பிடியைக் கழற்றி மாற்றியிருந்தால் அடி அச்சு இரண்டாக விழுந்திருக்கும், திருகாணித் தலையும் காயப்பட்டிருக்கும். ஆகவே பிடி உடம்போடு வந்தது. அலகைத் தீட்டத் தீட்ட அது குட்டையாகும். ஒவ்வொரு முறையும் இரட்டைத் தகட்டைக் கொஞ்சம் பின்னுக்குத் தள்ளிப் பூட்டுவார்கள். உரசல் ஒரு அங்குலத்துக்குப் படிப்படியாக ஓடுகிறது என்றால் இதே அலகு இதே சீவுளியில் பல வருடம் தேய்ந்திருக்கிறது. அதுவும் கூட வந்ததுதான். 1940கள் முதல் 50களின் நடு வரை என்று எழுதலாம். அம்மப்பா எத்தனை வயதில் வேலைக்குப் போனார்?

இனி உளி. சோர்பி என்ற பெயரில் ஷெஃபீல்டில் ஒருவர் இல்லை, பலர் இருந்தார்கள். றொபட் சோர்பியின் அடையாளம் கங்காரு. ஐ. சோர்பி என்பதற்கு அடையாளம் பஞ்ச் என்ற கூன் முதுகுப் பொம்மை மனிதன். நீங்கள் பார்த்த நேர்க்கோடு ஐ என்ற ஆங்கில எழுத்தாக இருந்தால் இரண்டாமவர். ஆனால் அந்த முத்திரை நிறுவனம் கைமாறிய பிறகும் பல காலம் தொடர்ந்து வந்தது. ஆகவே பெயர் கிடைத்தாலும் வருடம் கிடைக்காது.

'காஸ்ட் ஸ்டீல்' என்பதும் அப்படித்தான். பலரும் இதை வார்ப்பிரும்பு என்று நினைக்கிறார்கள், அது பிழை. களிமண் பாத்திரத்தில் உருக்கி எடுத்த உருக்கு அது. ஷெஃபீல்டில் 1740களில் ஹன்ட்ஸ்மன் என்பவர் தொடங்கிய முறை. அந்தச் சொல் நூறு வருடத்துக்கு மேல் உளிகளில் அடிபட்டது, இருபதாம் நூற்றாண்டுக்குள்ளும் வந்தது. சொல்லை வைத்து 1850 என்றும் சொல்லலாம், 1920 என்றும் சொல்லலாம்.

இங்கே முத்திரையை விட உருக்கு அதிகம் பேசும். பழைய காலத்தில் உருக்கு விலை கூடியது. அதனால் உளி முழுவதையும் உருக்கில் செய்யாமல் மெல்லிய உருக்குத் தகட்டை மென்மையான தேனிரும்பின் மேல் வைத்து நெருப்பில் சேர்த்து அடித்தார்கள். முழு உருக்கு பரவலானது பிறகு. சேர்த்து அடித்ததா முழு உருக்கா என்று வீட்டிலேயே பார்க்கலாம். உளியின் பக்கவாட்டை, கூர்நுனியிலிருந்து ஒரு அங்குலத்துக்கு, 400 இலக்க நீர்த்தாளில் மெதுவாகத் தேய்த்துச் சுத்தமாக்குங்கள். முத்திரைப் பக்கத்தைத் தொட வேண்டாம். பிறகு வினாகிரியில் நனைத்த துணியை அந்த இடத்தில் மட்டும் பத்து நிமிடம் போட்டு வையுங்கள். உருக்கு கறுக்கும், தேனிரும்பு வெளிறி நிற்கும். நடுவில் ஒரு கோடு தெரிந்தால் சேர்த்து அடித்தது. உடனே தண்ணீரில் கழுவி, துடைத்து, எண்ணெய் பூச வேண்டும். வெள்ளவத்தைக் கடற்காற்றில் இரண்டு நாள் விட்டால் திரும்பக் கறள் வந்துவிடும்.

கஜன்_87

சாணைச் சக்கரத்தில் பிடித்துப் பொறி பறக்கிறதைப் பார்த்தால் உருக்கு எது என்று தெரியும் என்று ஒரு வீடியோவில் பார்த்தன். அது லேசு இல்லையா?

ஃபாரிஸ் (பஞ்சிகாவத்தை)

தம்பி, கரி கூடிய உருக்கு கிளைகிளையாகப் பூ மாதிரிப் பொறி விடும், டங்ஸ்டன் அதிகமான உருக்கு மங்கிய சிவப்பில் குறைவாக விடும், அது உண்மை. நாங்கள் துண்டு இரும்புக்கு அப்படிப் பார்ப்போம். ஆனால் ஒரு உளியின் நுனியைச் சக்கரத்தில் பிடித்தால் நொடியில் சூடாகி நீலமாகிவிடும். நீலம் வந்த இடத்தில் பதம் இறங்கிப் போகும், பிறகு கூர் நிற்காது. ரெக்கோட் அலகில் டங்ஸ்டன் கொஞ்சம்தான், பொறியில் உங்களுக்கு வித்தியாசம் பிடிபடாது. அம்மப்பாவின் சாமானில் இந்த விளையாட்டு வேண்டாம்.

உங்கள் சீவுளி மரத்தைக் கிழிப்பதற்குத் தீட்டும் பாகையை விட, இரட்டைத் தகடு நுனியிலிருந்து தள்ளிப் பூட்டியிருப்பது காரணமாக இருக்கலாம். அதைக் கிட்டக் கொண்டுவந்து பாருங்கள். வேறு இழை தொடங்கினால் விரிவாகப் பேசலாம்.

நிரோஜா

அடிமட்டத்தைப் பற்றி ஒருவரும் பேசவில்லை, அதனால் நான் ஒன்று கேட்கிறேன். எந்தப் பக்கம் அதிகம் தேய்ந்திருக்கிறது?

ரமணன் (வெள்ளவத்தை)

முதல் ஆறு அங்குலத்தில் இலக்கங்கள் கிட்டத்தட்ட அழிந்துவிட்டன. கடைசி மடிப்பு புதிது போல மஞ்சளாக இருக்கிறது. நுனியின் பித்தளை மழுங்கியிருக்கிறது. இரும்பு அடிமட்டத்தோடு வைத்துப் பார்த்தேன், இரண்டடிக்கு 609.6 மில்லிமீற்றர் வர வேண்டும், ஒரு மில்லிமீற்றருக்குக் கிட்டக் குறைகிறது.

அம்மா இதைப் பார்த்ததும் ஒன்று சொன்னா. அம்மப்பா அளக்கும்போது நுனியிலிருந்து அளக்க மாட்டாராம். ஒரு அங்குலக் கோட்டை விளிம்பில் வைத்து அளந்து, பிறகு ஒன்றைக் கழிப்பாராம். அம்மா சிறுபிள்ளையாக அதைப் பார்த்து, அப்பாவுக்குக் கணக்குத் தெரியாது என்று நினைத்திருக்கிறா.

பட்டறைக்காரன்

நுனி தேய்ந்தது அவருக்குத் தெரிந்திருக்கிறது. நல்ல தச்சன் அப்படித்தான் அளப்பான்.

ரமணன் (வெள்ளவத்தை)

உளியின் முடிவு. ஐயா சொன்னபடி செய்தேன். வினாகிரி இல்லை, தேசிக்காய்ச் சாறு வைத்தேன். பத்து நிமிடத்தில் தட்டையான பக்கத்தை ஒட்டி ஒரு மெல்லிய கறுப்புப் படை, ஒரு மில்லிமீற்றர், ஒன்றரை இருக்கும். அதற்கு மேலே வெளிறிய சாம்பல் இரும்பு, அதில் விறகின் நார் மாதிரிக் கீற்றுகள். கோடு நேராக இல்லை, கொஞ்சம் நெளிந்து போகிறது. அம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வெகுநேரம் பார்த்தா.

அலகில் இப்போது மிஞ்சியிருப்பது மூன்றேகால் அங்குலம். பிடிக்கும் அலகுக்கும் நடுவிலுள்ள கழுத்து எட்டுப் பட்டை, பட்டைகள் ஒரே அளவில்லை.

பட்டறைக்காரன்

சேர்த்து அடித்ததேதான். நெளிந்த கோடும் நார்க் கீற்றும் தேனிரும்பு. பட்டைகள் அளவு மாறியிருப்பது கையால் அரம் போட்டது. இப்படியான உளி புதிதாக வரும்போது அலகு ஐந்தரை, ஆறு அங்குலம் இருக்கும். கிட்டத்தட்டப் பாதி தீட்டியே போயிருக்கிறது. ஒரு ஆளின் ஆயுளில் இவ்வளவு தேய்வது கடினம், இரண்டு கை மாறியிருக்கலாம். 1928 இல் இது ஏற்கெனவே பழைய உளியாக இருந்திருக்க எல்லா வாய்ப்பும் உண்டு. துரை கொடுத்ததா என்பதை இரும்பு சொல்லாது.

பிடி என்ன மரம்?

ஃபாரிஸ் (பஞ்சிகாவத்தை)

படத்தைப் பார்த்தால் சமண்டலை மாதிரி இருக்கிறது, சிங்களத்தில் ஹல்மில்ல என்பது. கருவிப் பிடிக்கு இங்கே அதைத்தான் விரும்புவார்கள், அடி தாங்கும், வெடிக்காது. அது ஷெஃபீல்டில் போட்ட பிடி இல்லை, இங்கே கடைந்தது. பூணும் கடையில் வாங்கியதில்லை, பித்தளைக் குழாயில் வெட்டியது. உள்விளிம்பில் வாள் வெட்டிய கோடு தெரிகிறது பாருங்கள்.

தாசன் (தெமட்டகொடை)

அப்போது ரெயில்வே பட்டறையில் பிடி போட்ட உளியா? துரை துறைமுகம் என்றல்லவா கதை?

ரமணன் (வெள்ளவத்தை)

அதைத்தான் அம்மாவிடம் கேட்டேன். அம்மப்பாவின் தம்பி ஒருவர் இரத்மலானை ரெயில்வே பட்டறையில் இருந்தாராம். அண்ணனுக்குப் பிடி கடைந்து கொண்டுவந்து கொடுத்தாரா, உளியே அவர் கொண்டுவந்ததா, அம்மாவுக்குத் தெரியாது. கேட்டுப் பார்க்க இப்போது ஒருவரும் இல்லை. பெரியம்மாவின் மகன் கனடாவில் இருக்கிறார், அவருக்கு எழுதியிருக்கிறேன்.

குறிப்பை இப்படி எழுதியிருக்கிறேன், பிழை இருந்தால் சொல்லுங்கள்: 'சீவுளி, ஷெஃபீல்ட், 1940கள் அல்லது 50களின் முன்பாதி, அம்மப்பா பாவித்தது. அடிமட்டம், 1963க்குப் பின். உளி, ஷெஃபீல்ட், உருக்கும் தேனிரும்பும் சேர்த்து அடித்தது, மூன்றிலும் பழையது, பிடி இங்கே கடைந்தது, யாரிடமிருந்து வந்தது என்று தெரியவில்லை.'

நிரோஜா

'சோர்பி' என்ற பெயரையும் எழுதுங்கள் அண்ணா. இப்போது வாசிக்க முடிகிறது, இன்னும் முப்பது வருடத்தில் அதுவும் போய்விடலாம். டோர்ச் அடித்து எடுத்த நாலு படத்தையும் அச்சடித்துப் பெட்டிக்குள் வையுங்கள்.

பட்டறைக்காரன்

குறிப்பு சரி. சீவுளியைப் பற்றி எழுதும்போது அம்மப்பா எத்தனை வயதில் வேலைக்குப் போனார் என்று கேட்டிருந்தேன், நீங்கள் சொல்லவில்லை.

ரமணன் (வெள்ளவத்தை)

மன்னிக்க வேண்டும் ஐயா. 1931 இல் பிறந்தவர். பதினாறு வயதில் ஒரு பாஸிடம் வேலை பழகப் போனார். முதல் சம்பளம் சேர்த்து ஏதோ ஒன்று வாங்கினார் என்று அம்மம்மா சொல்லுவாவாம். என்ன வாங்கினார் என்று அம்மாவுக்கு ஞாபகம் இல்லை.

பட்டறைக்காரன்

அப்படியென்றால் வேலைக்குப் போனது 1947. சீவுளியின் உடம்பை ஒருமுறை கவிழ்த்துப் பாருங்கள் தம்பி. பின்பக்கம், குதியில், எங்கேயாவது எழுத்து வெட்டியிருக்கிறதா? அந்தக் காலத்துப் பிள்ளைகள் முதல் சீவுளியில் பேர் வெட்டாமல் விடமாட்டார்கள்.

ரமணன் (வெள்ளவத்தை)

இருக்கிறது ஐயா. குதியின் விளிம்பில், கறளுக்குள், ஆணியால் கீறியது மாதிரி ஒரு 'சி'. அவருடைய பேர் சின்னத்துரை.